மாமியார் பிரித்துப் படித்த நன்றிக் கடிதம்

சாவகச்சேரியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. எனக்கு வேலை பழக்கியவளுக்கு இருபத்தொன்பது. நான் அவளை ‘மிஸ்’ என்பேன், அவள் என்னை ‘அக்கா’ என்பாள். அவள் ஏசும்போதுகூட அந்த ‘அக்கா’ விடுபடாது. “அக்கா, உங்களுக்கு மூளை எங்கை அக்கா?” என்று கேட்டால் கோபப்படவும் முடியாது.

மூன்று வருடத்தில் அவள் கலியாணம் முடித்து வல்வெட்டித்துறைக்குப் போய், அங்கே பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்துவிட்டாள். போன வருடம் எங்கள் நிலையத்தின் இரத்தம் எடுக்கும் பகுதிக்கு என்னைப் பொறுப்பாக்கினார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பழக்குவதும் இனி என் வேலைதான் என்றார்கள். அன்றைக்கே அவளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நேரில் சொல்ல முடியாது. புகழ்ந்தால் அவள் உடனே கதையை மாற்றிவிடுவாள். ஒருமுறை “மிஸ், நீங்கள் இல்லாட்டி நான்…” என்று தொடங்கினேன். “உந்தக் குப்பைத்தொட்டி நிரம்பீட்டுது அக்கா” என்று எழுந்து போய்விட்டாள். கடிதம் என்றால் பாதியில் எழுந்து போக முடியாதல்லவா?

என் கணவர் தமிழ் ஆசிரியர். கடிதம் என்றதும் பேனையை அவரே எடுத்துக்கொண்டார். ‘அறிவுச் சுடரே, அன்பின் ஊற்றே, என் வாழ்க்கைப் படகின் துடுப்பே’ என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார். வாசித்துப் பார்த்தேன். இரத்தம் என்ற சொல்லே அதில் இல்லை.

“இதை ஓய்வுபெறுற ஒரு பள்ளிக்கூட அதிபருக்கும் அனுப்பலாமே அப்பா” என்றேன் கணவரிடம்.

“போன மாசம் எங்கடை அதிபருக்கு வாசிச்சதுதான். ஆரும் குறை சொல்லேல்லை” என்றார் அவர்.

அதை அவரிடமே கொடுத்துவிட்டு நானே எழுத உட்கார்ந்தேன். ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அவள் எப்படிப்பட்டவள் என்று ஒரு வரியும் எழுதக்கூடாது. என்ன சொன்னாள், என்ன செய்தாள், அதனால் நான் இன்றைக்கு என்ன செய்கிறேன் என்று மட்டும் எழுத வேண்டும். எதையும் கேட்கவும் கூடாது. பதில்கூட.

முதலில் எழுதியது நரம்பைப் பற்றி. ‘கண்ணை நம்பாதையுங்கோ, விரலை நம்புங்கோ என்றீர்கள். நரம்பு தெரியாத கையில் தொட்டுக் கண்டுபிடிக்கப் பழக்கினீர்கள். மத்தியானம் படுத்திருந்த என் கணவரின் கையில் கண்ணை மூடிக்கொண்டு பழகினேன். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு நான் ஆசையாகக் கையைப் பிடிக்கிறேன் என்று அவர் நினைத்தார். இதுவரை உண்மை சொல்லவில்லை. இரண்டு தரம் குத்தி வராவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னீர்கள். இன்றைக்கும் மூன்றாம் தரம் குத்துவதில்லை.’

பிறகுதான் முக்கியமானதை எழுதினேன்.

சேர்ந்த முதல் மாதம். ஒரு காலையில் ஒரே பெயருடைய இரண்டு பெண்கள் சாப்பிடாமல் சீனிப் பரிசோதனைக்கு வந்திருந்தார்கள். தலைப்பெழுத்து மட்டும் வேறு. நான் படிவத்தைப் பார்த்து, “நீங்கள்தானே இன்னார்?” என்று கேட்டேன். ஒருத்தி “ஓம்” என்றாள். எடுத்தேன். மற்றவளும் “ஓம்” என்றாள். எடுத்தேன். மத்தியானம் சோற்றுப் பொதியைப் பிரிக்கும்போதுதான் உறைத்தது. அறுபத்திரண்டு வயது என்றிருந்த படிவத்துக்கு நான் இரத்தம் எடுத்த பெண்ணின் தலையில் ஒரு நரைமயிர் இல்லை.

ஒருவருக்கும் தெரியாது. முடிவுத் தாள்கள் இன்னும் வெளியே போகவில்லை. பேசாமல் இருக்கலாமா என்று நான் யோசித்தது உண்மை, சோறு ஆறும்வரை யோசித்தேன். பிறகு போய்ச் சொன்னேன்.

அவள் ஏசவில்லை. இரண்டு முடிவுகளையும் நிறுத்தினாள். இரண்டு பேருக்கும் தானே தொலைபேசி எடுத்தாள். “அம்மா, எங்கடை பிழை. நாளைக்குக் காலமை சாப்பிடாமல் திரும்ப வாங்கோ.” இருவரில் மூத்தவரான கொடிகாமத்து அம்மா விட்ட ஏச்சு தொலைபேசியைத் தாண்டி எனக்குக் கேட்டது. அவள் காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “ஓம் அம்மா, ஓம் அம்மா” என்றாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“வந்து சொன்னதுக்கு ஒரு தேத்தண்ணி, செய்ததுக்கு ஒரு ஏச்சு. எது முதல் வேணும் அக்கா?”

தேத்தண்ணி என்றேன். குடித்து முடியும்வரை காத்திருந்து, பிறகு நிறைவாக ஏசினாள். “காத்துக்கொண்டு இருக்கிற சனம் எதைக் கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லும். பேரை நீங்கள் சொல்லாதையுங்கோ. அவையைச் சொல்ல வையுங்கோ. பிறந்த திகதியும் கேளுங்கோ. எடுத்த கையோடை அவைக்கு முன்னாலேயே குழாயில் பேரை ஒட்டுங்கோ.” கடைசியில் பிழைகள் பதியும் கொப்பியைத் தந்து நடந்ததை எழுதச் சொன்னாள். எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டு வெட்கத்தில் ஓடிவிட்டேன். அந்தப் பக்கத்தை நான் பிறகு திறக்கவே இல்லை.

‘அன்றைக்கு “இவவின்ரை பிழை” என்று சொல்லியிருந்தால் மறுநாள் நான் வேலைக்கு வந்திருக்க மாட்டேன். நீங்கள் “எங்கடை பிழை” என்றீர்கள். இப்போது என்னிடம் பழகுபவர்கள் பிழை செய்தால் நேரே என்னிடம் வந்து சொல்கிறார்கள். அதற்காகத்தான் எனக்கு இந்தப் பொறுப்பைத் தந்தார்கள் என்று நினைக்கிறேன்’ என்று முடித்து, தபாலில் போட்டேன்.

ஐந்தாம் நாள் தொலைபேசி வந்தது. அவளில்லை, அவளுடைய மாமியார்.

“பிள்ளை, கடிதம் எனக்குத்தான் எண்டு நினைச்சு உடைச்சுப் போட்டன்” என்றார். உறையில் மருமகளின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். “இவள் விடிய வெளிக்கிட்டுப் போய் ஊசி குத்திப்போட்டு வாறாள் எண்டுதான் நான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தனான். உது சின்ன வேலையில்லைப் போலை.”

“ஓம் அம்மா.”

“அதுசரி, புருசனுக்கு உண்மை சொல்லீட்டீரோ?”

நான் பதில் சொல்லுமுன் பின்னால் சத்தம் கேட்டது, “மாமி, போனைத் தாங்கோ!” என்று.

மிஸ் வந்தாள். கொஞ்ச நேரம் சிரித்தாள். குப்பைத்தொட்டிக் கதை எதையும் எடுக்கவில்லை. “அக்கா, ஒரு இடத்திலை பிழையா எழுதியிருக்கிறியள். நான் பெருந்தன்மையிலை ‘எங்கடை’ எண்டு சொல்லேல்லை. ஒரே பேர் வந்தால் படிவத்தைப் பிரிச்சுச் சிவப்பு அடையாளம் போடவேணும். அண்டைக்கு ரெண்டையும் ஒரே தட்டிலை வைச்சுத் தந்தது நான். நீங்கள் வந்து சொல்லாட்டி நானும் சொல்லியிருக்க மாட்டன். கொப்பியைப் பாருங்கோ.”

மறுநாள் பழைய கொப்பிகளைக் கிண்டினேன். என் கோணல் எழுத்துக்குக் கீழே அவளுடைய நேரான எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘ஒரே பெயருடைய படிவங்களைப் பிரிக்காமல் கொடுத்தது என் தவறு.’ கையெழுத்து, நேரம், எல்லாம் சரியாக. நான் வெட்கத்தில் ஓடிய பிறகு எழுதியிருக்கிறாள். இத்தனை வருடமும் என்னை ஒருத்தி பெரிய மனதோடு காப்பாற்றினாள் என்று உருகிக்கொண்டிருந்தேன். அவளோ தன் பிழையை என் பிழைக்குக் கீழே எழுதிவிட்டுத் தன் பாட்டில் போயிருக்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, நன்றாக ஏமாந்துவிட்டேன் என்று சிரிப்பும் வந்தது.

அந்த வரியைச் சேர்த்துக் கடிதத்தைத் திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். தேவையில்லை என்றாள். ஆனால் அடுத்த கிழமை மாமியார் திரும்ப எடுத்தார். கோயிலடியில் நாலு பேருக்கு வாசித்துக் காட்டினாராம். அதில் ஒருத்தி தன் மகளுக்குக் காட்ட என்று கடிதத்தைக் கொண்டுபோய்விட்டாளாம்.

“இன்னொண்டு எழுதி அனுப்பும் பிள்ளை” என்றார். “இந்த முறை என்ரை பேருக்குப் போடும். எழுத்தையும் கொஞ்சம் பெரிசா எழுதும்.”