ஆப்பின் மேல் நின்ற குற்றி

சுனாமி வந்து ஐந்தாம் மாதம், உயர்தர வகுப்பின் இணைந்த கணிதத்தை மீண்டும் அவரே எடுத்தார். நானும் அவரும் ஒரே பள்ளியில் கணித ஆசிரியர்கள்; அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். மனைவியையும் இரண்டு மகள்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. பாடக் குறிப்புகளும் வீட்டோடு போயின. என் குறிப்புக் கொப்பிகளை அவருக்குக் கொடுத்திருந்தேன்.

அவரால் படிப்பிக்க முடிகிறதா என்று பள்ளி அதிபருக்குச் சந்தேகம். ஒரு பாடம் பின்வரிசை வாங்கில் இருந்து பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார். அந்த வகுப்பும் போனால் அவரிடம் வேறொன்றும் மிச்சமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றைய கணக்கு: உராய்வில்லாத ஒப்பமான தரையில் ஒப்பமான முக்கோண ஆப்பு, அதன் சரிவில் ஒரு சிறு மரக் குற்றி. ஆப்பின் நிமிர்ந்த முகத்தில் கிடையாகத் தள்ளுகிறோம். குற்றி சரிவில் வழுக்காதிருக்க எவ்வளவு விசை வேண்டும்?

படத்தை அழகாக வரைந்தார். பிறகு, ஆப்பு குற்றியைத் தாங்கும் மறுதாக்கம் குற்றியின் நிறையைக் கோணத்தின் கோசைனால் பெருக்கியது என்று எழுதினார். அசையாத சரிவுக்குத்தான் அது பொருந்தும். என் கொப்பியில் இருந்ததைத்தான் எழுதியிருந்தார். ஆரம்ப காலத்தில் நான் செய்த பிழை; அந்தப் பாடத்தை நான் எடுத்தபோதெல்லாம் வகுப்பில் சரியாகவே சொல்லி வந்தேன், கொப்பியில் மட்டும் அந்த வரியை வெட்டவில்லை.

முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

"சேர், அப்பிடியெண்டா மறுதாக்கத்துர நிலைக்குத்துக் கூறு நிறைக்குக் காணாதே. குற்றி கீழ வந்திருமே."

"சேர்ர மண்டைக்குள்ளயும் தண்ணி பூந்திட்டு போல" என்று ஒருவன் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

அவர் பலகையைப் பார்த்தபடி நின்றார். திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் பேனையை மூடினேன்.

"ஓம் மகள், என்ட பிழை" என்றார்.

அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். குற்றி மேலேயும் போகாது, கீழேயும் வராது. ஆகவே மறுதாக்கத்தின் நிலைக்குத்துக் கூறு நிறைக்குச் சமன். கிடைக் கூறுதான் வேகத்தைக் கூட்டும் ஆர்முடுகலைத் தருகிறது. ஒன்றை மற்றதால் பிரிக்க, ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கோணத்தின் தான்சனால் பெருக்கியது. ஆப்பும் குற்றியும் சேர்ந்தே போவதால், இரண்டின் மொத்தத் திணிவையும் அந்த ஆர்முடுகலையும் பெருக்கினால் விசை. ஒரு படியும் தவறவில்லை.

ஒரு பிழை வந்தது, உடனே திருத்தினார் என்று அதிபரிடம் சொன்னேன். அது உண்மை. யாருடைய பிழை என்று அதிபர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உயர்தரச் சோதனை நெருங்குகிறது என்று வகுப்பை என்னிடம் தந்தார். மூத்தவருக்கு ஆறாம் ஆண்டுக் கணிதம் கிடைத்தது.

யுத்தம் முடிந்த வருடம் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போனார். போகும் நாளில், அது என் கொப்பியின் பிழை என்று அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டி எடுத்தார்.

"நீங்க சொல்லுவீங்க எண்டு இருந்தன், தம்பி."