பாவாடையின் அடியில் ஒரு கோடு

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு துணிக்கடையின் மாடியில் எனக்கு வேலை. படத்தில் வெட்டுப்பட்ட துணியை முழுசாக்குவதுதான் வேலை.

போனில் படம் எடுப்பவர்கள் துணி மாட்டிய பொம்மையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். முகம் நடுவில் வந்தால் போதும். சட்டைக் கை முழங்கையோடு போயிருக்கும். பாவாடைக்கு அடி இருக்காது. ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்குத் துணி முழுசாகத் தெரிய வேண்டும். அதனால் படத்துக்கு வெளியே போன கையையும் அடியையும் நான் வரைந்து சேர்ப்பேன்.

படிப்பு எட்டாவதோடு சரி. ஓமலூர்ப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் ஒன்பது வருஷம் துணிக்கு அடி மடித்துத் தைத்தேன். இடுப்பு போனது. பிறகுதான் இந்தக் கம்ப்யூட்டர். துணி தெரிந்த கை என்பதால் வேலை சீக்கிரம் பிடிபட்டது.

போன தீபாவளிக்கு முந்தின மாதம் ஒரு பட்டுப்பாவாடை சட்டைப் படம் வந்தது. நான்கு வயதுப் பெண் குழந்தைக்கானது. அரக்குப் பாவாடை, பச்சைச் சட்டை. முதலாளி தன் போனில் எடுத்தது. கணுக்காலுக்கு மேலேயே படம் முடிந்துவிட்டது. ஜரிகைக் கரை படத்தில் இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தின் அடி விளிம்பில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

கீழே போய்க் கேட்டேன். "அண்ணா, அந்த பீஸ் ஒன்னு குடுங்க. அடி எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"சாம்பிள் அப்பவே வெண்ணந்தூருக்கு, தைச்சவங்ககிட்டயே திரும்பப் போயிருச்சு. ஒரு சாண் துணிதானேம்மா? இழுத்து விடு. மதியம் படம் ஏறணும்."

"ஒரு கோடு தெரியுதுண்ணா."

"நிழலா இருக்கும். வழிச்சு எடு. நீ என்ன, துணிக்கு ஜாதகமா பாக்கற?"

கல்லாவில் இருந்தவர் சிரித்தார். நான் மாடி ஏறினேன்.

முதலில் கம்ப்யூட்டரே வரைந்து தருகிற பட்டனை அழுத்திப் பார்த்தேன். அது பாவாடைக்கு அடியில் லேஸ் வைத்துக் கொடுத்தது. இன்னொரு தரம் அழுத்தினேன். பூ வைத்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கையாலேயே செய்தேன். படத்தின் அடியில் வெறும் இடம் கூட்டினேன். இருக்கிற துணியில் ஒரு பட்டையை எடுத்துக் கீழே ஒட்டினேன். கொசுவம் கீழே போகப் போக விரியும். ஒவ்வொரு மடிப்பையும் அது போகிற சாய்விலேயே இழுத்துவிட்டேன். சன்னல் இடது பக்கம், அதனால் நிழலை வலது பக்கம் வைத்தேன். சட்டைக் கையில் தெரிந்த ஜரிகையை எடுத்துப் பெரிதாக்கிக் கரையாக வைத்தேன். அந்தக் கறுப்புக் கோட்டைத் துடைத்தேன். பாவாடை பாதம் வரை வழுவழுவென்று இறங்கியது.

"இப்பத்தான் துணி மாதிரி இருக்கு" என்றார் முதலாளி.

பத்து நாளில் பாவாடைகள் திரும்பி வர ஆரம்பித்தன. வாங்கியவர்கள் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். படத்தில் இல்லாத மடிப்பு பாவாடையில் இருக்கிறது. படத்தில் பாதம் வரை வருகிறது, வந்தது குட்டை. யாரோ பழைய பாவாடையைச் சுருக்கித் தைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அதைப் படித்தபோதே எனக்குப் புரிந்தது. அந்தக் கோடு நிழல் இல்லை. டக்.

வளருகிற பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை தைத்தால் கரைக்கு மேலே துணியைக் குறுக்கே மடித்து ஒரு தையல் போடுவார்கள். அதுதான் டக். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் பாவாடை நீளும். தைத்தவளுக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஒன்பது வருஷம் அடி தைத்தவள் நான். நிழல் என்று ஒருத்தர் சொன்னார், வழித்துவிட்டேன்.

மறுநாள் முதலாளி வெண்ணந்தூர் அக்காவை வரச் சொன்னார். பாவாடை தைத்தவர். மீதி நாற்பது பாவாடையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். மூட்டையை அவிழ்க்கும் முன்பே முதலாளி போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"படத்தப் பாரு. மடிப்பு இருக்குதா? உன் துணியில மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

அந்த அக்கா போனை வாங்கிப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"ஏனுங்க, இது எம்பட பாவாடை இல்லீங்களே."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"கரைக்கு மேல ரெண்டு டக்கு புடிச்சுத்தானுங்க குடுத்தேன். சாம்பிள்லயும் அப்படித்தானுங்க இருந்துச்சு. புள்ள வளருமல்லங்க."

"வளருதோ தேயுதோ. எல்லாத்தயும் பிரிச்சுக் குடு. இல்லேன்னா மூட்டையத் தூக்கிட்டுப் போ. இனிமே உனக்குத் துணி கிடையாது."

அந்த அக்கா கீழே உட்கார்ந்தார். பையிலிருந்து பிளேடை எடுத்தார். முதல் பாவாடையை மடியில் போட்டுத் தையலில் வைத்தார்.

நான் படியில் நின்றிருந்தேன். அது அசல் பட்டு இல்லை, பளபளக்கிற ஆர்ட் பட்டு. தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டை வரிசையாகத் தெரியும். வீட்டில் ஒரு வருஷம் கட்டியபின் பிரித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். புதுத் துணியில் ஓட்டை இருந்தால் யார் வாங்குவார்கள்? நாற்பதும் வீண். அந்தப் பழியும் அந்த அக்கா தலையில்தான் விழும்.

"பிரிக்காதீங்க" என்றேன்.

முதலாளி திரும்பினார். "உன்னைய யாரு கேட்டா? மேல போய் உன் வேலையப் பாரு."

"இதுதாண்ணா என் வேலை. அந்த மடிப்ப வழிச்சது நான். வழிக்கச் சொன்னது நீங்க."

கல்லாக்காரர் இந்தத் தரம் சிரிக்கவில்லை.

"கோடு தெரியுதுன்னு சொன்னேன். பீஸ் கேட்டேன். குடுக்கல. நீங்க எடுத்த படம் அப்படியே இருக்கு. எறக்கிட்டு வரட்டுமா?"

"ஏம்மா, கடையில நின்னு கத்துற?"

நான் கத்தவில்லை. சத்தம் தானாக வந்தது.

மூட்டையிலிருந்து ஒரு பாவாடையை எடுத்தேன். முதலாளி படம் எடுத்த அதே பொம்மைக்குக் கட்டினேன். அதே சன்னல், அதே பக்கம். அடியை மட்டும் போனில் எடுத்தேன். மாடிக்குப் போய், நான் வரைந்த அடியை அழித்துவிட்டு அசல் அடியை வைத்தேன். முதலாளியின் படத்தில் இருந்த கறுப்புக் கோடும் இதில் இருந்த மேல் டக்கும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. இழுக்கத் தேவையில்லை. பாவாடை பாதத்துக்கு நாலு விரல் மேலே நின்றது. படத்துக்குக் கீழே எழுதினேன்: வளரும்போது பிரித்துக்கொள்ள இரண்டு மடிப்பு உள்ளது.

கீழே கொண்டுவந்து காட்டினேன். முதலாளி நெடுநேரம் பார்த்தார். தப்பு என்று அவர் வாயில் வரவில்லை. வராது.

"சரி, இதையே போட்டுத் தொல" என்றார். கல்லாக்காரரிடம், "மூட்டைய உள்ள எடுத்து வை" என்றார்.

அந்த அக்கா பிளேடைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஒரு பாவாடையில் நான்கு தையல் அறுந்திருந்தது. அதை உதறிப் பார்த்தார். ஓட்டை தெரிந்தது. மடித்துத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

வாசல் வரை கூடப் போனேன். செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமுங்களா?"

"தெரியுங்கக்கா. ஒம்பது வருஷம் தைச்சேன்."

"தெரிஞ்சுமா வழிச்சு உட்டீங்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதலாளி மேல் வந்த கோபம் இரண்டு நாளில் ஆறியது. அந்த அக்கா கேட்டது ஆறவில்லை.

அடுத்த வாரம் ஒரு சுடிதார் படம் வந்தது. வலது கை பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. கீழே இறங்கிப் போய்க் கை நீட்டி நின்றேன்.

"என்ன?" என்றார் முதலாளி.

"பீஸ்."

"கைதானேம்மா? இழுத்து விடேன்."

நான் நகரவில்லை. கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு பொம்மையிலிருந்து கழற்றி என் மேல் வீசினார். பிடித்துக்கொண்டு மாடி ஏறினேன்.