கழுவித் துடைத்த சேதம்

அந்தச் செய்தியை நான் இன்னும் கைப்பேசியிலிருந்து அழிக்கவில்லை. கோபம் ஆறிவிட்டதோ என்று சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன். ஆறவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். மலேசியாவில் கோலசிலாங்கூரைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளிலிருந்து பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளியில் இறக்கிவிட்டு, மதியம் திரும்பக் கூட்டிவருவது என் வேலை. ஒரு நாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பும்போது, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய நீல லோரி ஒன்று சந்தியில் நிற்காமல் வந்து வேனின் இடப்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டு போனது. பிள்ளைகள் ஏறி இறங்கும் கதவு உள்ளே அமுங்கித் திறக்க முடியாமல் சிக்கிக்கொண்டது. அன்றைக்கே போலீசில் ரிப்போர்ட் கொடுத்தேன். அவர்களும் வேனைச் சுற்றிவந்து படம் எடுத்துக்கொண்டார்கள். லோரிக்காரனும் ஒரு ரிப்போர்ட் கொடுத்தான். அவன் என்னைத் தொடவே இல்லையாம். நானே போய்ப் பாலத்துச் சுவரில் உரசிக்கொண்டு அவன் தலையில் கட்டப் பார்க்கிறேனாம்.

கதவு திறக்காத வேனில் பிள்ளைகளை ஏற்ற முடியாது. இன்சூரன்ஸ் அனுமதி கொடுக்காமல் பட்டறையில் கை வைக்கமாட்டார்கள். பட்டறைக்காரர் என் கிளைம் கோரிக்கையை அனுப்பிவைத்தார். சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுத இன்சூரன்ஸ் அனுப்பும் ஆளை இங்கே அட்ஜஸ்டர் என்பார்கள். அவரிடமிருந்து செய்தி வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணி. இடம், தஞ்சோங் காராங் ரோட்டில் இருக்கும் பட்டறை. வேனைக் கொண்டுவரவும். போலீஸ் ரிப்போர்ட், வேனின் உரிமைப் பத்திரமான கிராண்ட், அடையாள அட்டை, லைசென்ஸ், பள்ளி வேன் பெர்மிட், இன்சூரன்ஸ் பத்திரம் எல்லாம் அசலும் நகலுமாகத் தயாராக இருக்க வேண்டும். தாமதம் கூடாது. அவ்வளவுதான். நான் அதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

என் வீட்டுக்காரர் காலமெல்லாம் எஸ்டேட் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியைப் பார்க்க ஆபீசர் வருகிறார் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு முறை லோரி, வேன் போன்ற வண்டிகளைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அழுக்கோடு போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் அதற்கு முதல் நாள் வண்டியைக் கழுவி, துடைத்து, பளபளவென்று நிறுத்துவார். புதன்கிழமை நான் காகிதங்களை நகல் எடுக்க டவுனுக்குப் போன நேரத்தில் என் வேனுக்கும் அதையே செய்திருக்கிறார். சோப்பு போட்டும் போகாத லோரி ஒட்டிவிட்ட நீலக் கோடுகளைப் பெயின்ட் கரைக்கும் தின்னர் ஊற்றித் தேய்த்து எடுத்திருக்கிறார். நான் வந்து பார்த்தபோது வேன் சுத்தமாக நின்றது. வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டு சமைக்கப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை அட்ஜஸ்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ரவாங்கிலிருந்து வருகிற தமிழ்ப் பையன், மரியாதையான பையன்தான். காகிதங்களை வாங்கிச் சரிபார்த்தார். வேனின் நம்பர், எஞ்சின் நம்பர், மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுத்தார். பிறகு கதவுக்கு முன்னால் குந்தினார். தரையிலிருந்து அமுங்கிய இடம் எவ்வளவு உயரம் என்று அளந்தார். விரலால் தடவினார். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். எழுந்து என்னைப் பார்த்தார்.

"அக்கா, லோரி நீலம்னு ரிப்போர்ட்ல சொல்லியிருக்கீங்க. இதுல ஒரு பொட்டு நீலம்கூட இல்லையே. யார் தொடச்சா?"

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். அந்த முகத்தை நான் எப்படிச் சொல்வது. யாரோ பாராட்டப் போகிறார்கள் என்று காத்திருக்கிற முகம்.

"நான்தாங்க சார். லேசுல போகல லா. தின்னர் போட்டு ஒரு மணி நேரம் தேச்சேன்." பின்பாக்கெட்டிலிருந்து துணியை உருவிக் காட்டினார். துணி முழுக்க நீலம்.

பட்டறைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அட்ஜஸ்டர் அந்தத் துணியையும் ஒரு படம் எடுத்தார். எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, துணியில இருக்கிறது எங்கேருந்து வந்துச்சுன்னு நான் எழுத முடியாது. வண்டியில இருக்கிறததான் எழுத முடியும். அங்க லோரிக்காரன் வேற கதை சொல்றான். இதப் பார்த்தா தடயத்த அழிச்சிட்டீங்கன்னு கம்பெனி சொல்லும். கிளைம தள்ளக்கூட பார்க்கும்."

தடயத்தை அழித்தது. அந்த வார்த்தை என் காதில் விழுந்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்ததோ தெரியவில்லை.

"தம்பி, அசல் கொண்டா, நகல் கொண்டா, பெர்மிட் கொண்டான்னு அவ்வளவு எழுதத் தெரிஞ்சிச்சே, வேனைக் கழுவாதீங்கன்னு ஒரு வரி எழுதக் கை வலிச்சுதா? பொய் சொன்னவன் லோரி எங்கயோ ஜம்முனு ஓடுது. உண்மை சொன்னவ வேனை நீங்க குந்திக் குந்திப் பார்க்கிறீங்க. அழிச்சவன் துணியைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு வந்து காட்டுவானா?"

நான் நிறுத்தவில்லை. நாங்கள் எஸ்டேட் லய வீட்டில் இருந்த காலத்தில் மேனேஜர் சுற்றிப்பார்க்க வருகிறார் என்றால் கங்காணி வேலை பார்க்கிற மண்டோர் வந்து கத்துவார். கால்வாயை வாரு, விரிசலில் சுண்ணாம்பு அடி, கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்த பாத்திரத்தை ஒளித்து வை. நாங்கள் எல்லாவற்றையும் செய்வோம். மேனேஜர் வந்து, வெள்ளையாக இருக்கிற சுவரைப் பார்த்து, ரிப்பேர் தேவையில்லை என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு மறுபடியும் ஒழுகும். ஆபீசர் கண்ணில் எங்கள் சேதம் படக்கூடாது என்று எங்களைப் பழக்கியது யார்? பழக்கிவிட்டு, இப்போது ஏன் மறைத்தாய் என்று கேட்டால் நாங்கள் எங்கே போவது? இவ்வளவையும் அந்தப் பட்டறை வாசலில் நின்று அந்தப் பையனிடம் கொட்டினேன். அவர் பிறப்பதற்கு முந்திய கதைக்கு அவர் என்ன செய்வார். ஆனால் என் முன்னால் நின்றது அவர்தானே.

கடைசியில் அவர் சொன்னார். "போலீஸ் அன்னிக்கு எடுத்த படத்தக் கேட்டு வாங்குறேன் அக்கா. அதுல நீலம் இருந்தா போதும். லோரியையும் பார்க்கணும்னு எழுதுறேன். ஆனா நாளாகும். அதுவரைக்கும் ரிப்பேர் பண்ண முடியாது."

வேனைக் கழுவியது ஏன் என்று என் வீட்டுக்காரர் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுக்கவேண்டும் என்றார். இவரும் எழுதினார். கழுவக் கூடாது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்க்கச் சொன்னேன். அதைச் சேர்த்த பிறகுதான் கையெழுத்துப் போடவிட்டேன்.

நாளானது. வேன் வாசலில் நின்றது. பிள்ளைகளின் தாய்மார்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "என்னக்கா செய்யறது, பிள்ள ஸ்கூலுக்குப் போகணும்ல" என்று சொல்லி வேறு வேனுக்கு மாறினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. போலீஸ் படத்தில் நீலம் பளிச்சென்று இருந்தது. அனுமதி வந்தது. பட்டறையில் புதுக் கதவு போட்டு, பெயின்ட் அடித்தார்கள். பாதிப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை.

வேன் வீட்டுக்கு வந்த அன்று மாலை அதன்மேல் பட்டறைத் தூசி அப்பியிருந்தது. நான் வாசலுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு வேன் பக்கத்தில் நின்றிருந்தார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. கையிலிருந்த துணி நனையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"கழுவலாமா?"

வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிய மனிதர், ஒரு வண்டியைக் கழுவ யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. கதவைச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். இதற்கு யாரிடம் போய் ரிப்போர்ட் கொடுப்பது?