ஓரத்தில் நின்ற அக்கா

குடும்பத்தோடு படம் எடுக்கும்போது ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் ஆள் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. பாதித் தோள்தான் படத்தில் விழும். சலவையக்கா அந்த ரகம். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு நாள் திரையில் அவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எடிட்டிங் வேலையில் இப்படிச் சில உறவுகள் வந்து சேரும்.

அவருடைய கணவர் ஸ்டூடியோவுக்கு வந்து சொன்னதைக் கேட்டுத்தான் மீதியெல்லாம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கும் பிரிவில் வேலை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயர். ஊரார் ரத்தத்தையெல்லாம் கண்கொட்டாமல் அலசுகிற அந்த அம்மாவுக்கு இருட்டு என்றால் மட்டும் பயம். விளக்கை அணைத்தால் தூங்கமாட்டாராம். லிஃப்ட் ஓட்டிக் களைத்து வரும் இவருக்கோ வெளிச்சம் ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஒரு சுவிட்சுக்காகவே சண்டை. கடைசியில் ஜெயித்தது அக்காதான். இவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தார்.

அப்புறம் இவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தன. கோல் பிடித்து நடக்க வைத்த அக்கா, ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வாசலிலேயே சரிந்து உயிரைவிட்டார்.

அக்கா அசைந்து நடக்கிற வீடியோ உலகத்திலேயே ஒன்றுதான். இவர் கோல் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு, இவருடைய அண்ணன் மகள் பட்டம் வாங்கியதற்குக் கொடுத்த விருந்தில் எடுத்தது, அகலவாக்கில். இவருடைய செல்போனோ கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டில் நெட்டுவாக்கில் நிற்கிறது. திருப்பிப் பார்க்கக் கை ஒத்துழைக்காது. அதனால் படம் நடுவில் ஒரு பட்டையாகத் தெரிந்தது. மேலேயும் கீழேயும் கறுப்பு.

"இருட்டுல நிக்க வச்ச மாதிரி இருக்கும்மா. அந்தக் கறுப்பை மட்டும் எடுத்துடு" என்றார்.

இது எனக்குத் தண்ணிபட்ட பாடு. படத்தைப் பெரிதாக்கித் திரையை நிரப்பலாம். ஆனால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும், ஓரத்தில் நிற்கிற அக்கா காணாமல் போவார். அதனால் அதே வீடியோவின் பிரதி ஒன்றை அடியில் போட்டு, உயரம் நிறையும்வரை பெரிதாக்கி, மங்கலாக்கிவிட வேண்டும். அசல் அதன்மேல் முழுசாக நிற்கும். கறுப்பு இருந்த இடத்தில் நிறங்கள் வரும். ஐந்து நிமிஷ வேலை. முடித்துக் காட்டினேன்.

அவர் முகம் செத்துவிட்டது. "இங்கயும் அவன்தானா?"

அப்போதுதான் கவனித்தேன். பெரிதாக்கிய பிரதியில் நடுப்பகுதி மட்டும்தான் திரைக்குள் மிஞ்சும். நடுவில் நின்றவர் அண்ணன். மேலே அவருடைய வழுக்கை, கீழே அவருடைய நீலக் கோட்டு, திரை முழுக்க. அக்கா முன்படத்தின் இடது மூலையில் நகத்தளவு. அந்த அண்ணன் பந்தியில் அக்காவைப் பார்த்து, 'கை கழுவிட்டு வந்தியா' என்று நாலு பேர் சிரிக்கக் கேட்டவராம். எனக்கே அந்த வழுக்கையின்மேல் ஆத்திரம் வந்தது.

பின்பிரதியைப் பிடித்து வலப்பக்கமாக இழுத்தேன். கோட்டு நகர்ந்தது, வழுக்கை நகர்ந்தது, படத்தின் இடது ஓரம் திரைக்கு வந்து நின்றது. மேல்பாதியில் அக்காவின் தலை, கீழே பச்சைப் புடவை. மங்கலைக் கொஞ்சம் குறைத்தேன். கண் மூக்கு தெரியாது. ஆனால் புறங்கையை இடுப்பில் துடைத்துக்கொள்ளும் அசைவு தெரிந்தது.

"ஈரமில்லன்னாலும் துடைப்பா" என்றார். அழுகையை மறைக்கக்கூட இல்லை அவர்.

ஆனால் வீடியோ முடிவதற்குள் அக்கா கேமரா பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விடுகிறார். முன்னால் கூட்டம் சிரித்துக்கொண்டிருக்க, பின்னால் வெறும் சுவர். எனக்கு மனசு கேட்கவில்லை. அக்கா நிற்கிற துண்டையே பின்னால் திரும்பத் திரும்ப ஓடவிடலாம், கடைசிவரை இருப்பார் என்றேன்.

அவர் இடது கையால் அந்தச் சுவரைத் தொட்டுக் காட்டினார்.

"வேண்டாம்மா, போகட்டும். வீடியோ எடுத்தவன் பக்கத்துலதான் நான் செவுத்துல சாஞ்சு நின்னேன். என் காலு நடுங்கறத பாத்துட்டா. எனக்கு நாற்காலி எடுத்துட்டு வரத்தான் போறா."

அக்கா நாற்காலியோடு திரும்புவதற்குள் வீடியோ முடிந்துவிடும். அந்த வெறும் சுவரை அப்படியே வைத்து, செல்போனில் ஏற்றிக் கொடுத்தேன்.