மூன்று குரல் இறங்க, ஒரு குரல் ஏறியது

அறுப்பின் பண்டிகைக்குப் பாட, ஆலயப் போதகரான ஐயர் ஒரு மெட்டைக் கொடுத்து, நான்கு குரல்கள் சேர்ந்து வெவ்வேறு ஸ்வரம் பாடும்படி எழுதச் சொன்னார். எங்கள் சபையில் அதுவரை ஒரு பெண் அப்படி எழுதியதில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். தலைகால் புரியவில்லை எனக்கு.

தென்னூர் வீட்டில் தம்புராவை மீட்டிக்கொண்டே எழுதினேன். சா-பாவைவிட இனிமையான சேர்க்கை உலகில் உண்டா? அதனால் அடிக்குரலுக்கும் ஆல்டோவுக்கும் எங்கும் அந்த சா-பா தூரத்தையே வைத்தேன். அடிக்குரல் என் வீட்டுக்காரர், ரயில்வே குமாஸ்தா. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ நான்.

ஒத்திகையில் மூன்றாம் அடி வந்ததும் ஆர்கன் வாசிப்பவர் கையை எடுத்துவிட்டார். அவர் ஸ்வரங்களை மேல்நாட்டு முறையில் டோ, ரே, மி, ஃபா, ஸோ, லா, டீ என்றே சொல்வார்.

“அடிக்குரல்ல அண்ணன் ஃபாவிலேருந்து ஸோவுக்கு ஏறுறாரு. நீங்க டோவிலேருந்து ரேக்கு ஏறுறீங்க. ரெண்டு பேரும் அதே இடைவெளியில சேர்ந்தே நகர்ந்தா நாலு குரல் எங்கேம்மா? மூணுதான் கேக்குது. சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லேன்னா எல்லாரும் மெட்டை மட்டும் பாடிடலாம்.”

“புருஷன் பெண்டாட்டி ஒத்துமையா போனா தப்பாங்க?” என்றார் இவர். பாடகர் குழுவே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சா-பாவில் குற்றம் காண அந்த ஆர்கன்காரர் யார்?

வீட்டுக்கு வந்து மறுபடியும் தம்புராவை எடுத்தேன். சா சாவாகவே நின்றது, பா பாவாகவே நின்றது. இரண்டும் நிற்கும் வரைதான் அந்த இனிமை. என் பாட்டிலோ அவை ஜோடியாக நடந்துகொண்டிருந்தன. கோபம் போன இடம் தெரியவில்லை.

மெட்டு அந்த இடத்தில் லாவிலிருந்து ஸோவுக்கு இறங்குகிறது. அதைத் தொடக்கூடாது. அடிக்குரலை ஏறவே விட்டேன். என்னை டோவிலிருந்து டீக்கு ஒரு படி இறக்கினேன். ஆண்களின் மேல்குரலான டெனரை ஃபாவுக்கு மாற்றி, அங்கிருந்து ரேக்கு இறக்கினேன். இப்போது மூவர் இறங்க, இவர் மட்டும் ஏறினார். பாடிப் பார்த்தேன். யாருக்கும் தாவ வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமை ஆர்கன்காரர் தாளை இரண்டு தடவை மேலும் கீழும் பார்த்தார். “வாசிக்கலாம்,” என்றார். அந்த மனிதரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

பண்டிகையன்று நெற்கதிரும் வாழைத்தாரும் பூசணியும் பீடத்தை மறைத்திருந்தன. மூன்றாம் அடியில் ஆர்கன்காரர் வேண்டுமென்றே வாசிப்பை நிறுத்தினார். வெறும் குரல்கள் மட்டும். நாங்கள் இறங்கினோம். இவர் குரல் கீழிருந்து தனியாக ஏறி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் எழுதியது இது என்று கூரை அதிரச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

வெளியே வந்ததும் இவர் மெதுவாகச் சொன்னார்: “இத்தனை வருஷமா பாடுறேன். இன்னைக்குத்தான் என் குரல் எனக்கே கேட்டுச்சு.”

“எனக்கும் கேட்டுச்சுங்க,” என்றேன்.