கண்டுபிடித்தேன் என்று மாறிய வரி

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு சைக்கிள் கடையின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும் என் தோழிக்கும். பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தபோது ஹாஸ்டலில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். படித்து முடித்த பிறகு சுற்றுவட்டாரத்து அரிசி மில்களில் மோட்டார், ஸ்டார்ட்டர், ஒயரிங் எல்லாவற்றையும் அறுவடைக்கு முன்பே சோதித்துக் கொடுக்கும் வேலையைச் சேர்ந்து தொடங்கினோம். சூட்டைக் காட்டும் தெர்மல் கேமராவையும் மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரையும் எடுத்துக்கொண்டு மில்லுக்குள் போவது நான். ஆட்களிடம் பேசுவது, செய்தி அனுப்புவது எல்லாம் அவள். அவள் பேசினால் எவரும் கேட்பார்கள். எனக்கு மோட்டாரோடுதான் பேச வரும்.

அந்த வருடம் புதிய மில்களைப் பிடிக்க வேண்டும் என்று ஒரு வாட்ஸப் செய்தி எழுதி, முன்பின் தெரியாத எட்டு உரிமையாளர்களுக்கு அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. நீல டிக் மட்டும் விழுந்தது.

"படிச்சிட்டு கம்முனு கீறாங்கடி. இன்னா குறைன்னு நீயே பாத்து சொல்லு," என்றாள்.

நான் அதைப் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். 'நாங்கள் இத்துறையில் சிறந்து விளங்கும் இளம் பெண் தொழில்முனைவோர்' என்று தொடங்கியது. நாங்கள், எங்கள், எங்களது என்று வந்த இடங்களையெல்லாம் வட்டமிட்டேன். பதினொன்று. மில்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நடுவில், 'உங்கள் ஆலைக்குத் தரமான, முழுமையான தீர்வுகளை வழங்குகிறோம்' என்று இருந்தது. அதைப் படித்தால் நாங்கள் மோட்டார் பார்க்கிறவர்களா, பெயிண்ட் அடிக்கிறவர்களா என்றே தெரியாது. முடிவில், 'உங்கள் ஆலையின் தேவைகள், எதிர்காலத் திட்டங்கள் பற்றி விரிவாகத் தெரிவித்து, நேரில் கலந்துரையாட வசதியான நாட்களைக் குறிப்பிடவும்' என்று கேட்டிருந்தாள்.

"நெல்லு லாரி வெளிய நிக்கும்போது எந்த மில்லுக்காரர் ஒக்காந்து கட்டுரை எழுதுவாரு?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

பிறகு நான் சொல்லச் சொல்ல அவள் போனில் தட்டினாள். அறுவடை நெல் வந்து குவியும் வாரத்தில் மோட்டார் எரிந்தால், அதன் செப்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, மறுபடி கட்டி வரும்வரை மில் நிற்கிறது என்று தொடங்கினோம். அடுத்து, பெருநகர் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு மில்லில் நான் பார்த்ததைச் சேர்த்தோம். அங்கே ஸ்டார்ட்டரில் ஒரு ஒயர் முனை தளர்ந்து கருகத் தொடங்கியிருந்தது. மில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேமராவில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மெயினை அணைத்து முனையை மாற்றினேன். மோட்டார் தப்பியது. அந்த மில் மேனேஜரிடம் கேட்டுக்கொண்டுதான், பெயர் போடாமல், 'கண்டுபிடித்தோம்' என்று இதை எழுதினோம். கடைசி வரி: 'எதையெல்லாம் சோதிக்கிறோம் என்ற ஒரு பக்கப் பட்டியலை அனுப்பட்டுமா? அனுப்பு என்று ஒரு சொல் போதும்.'

"நம்ம ரெண்டு பேரு பேரும் எங்கடி போட்றது?" என்றாள்.

"அடியில கம்பெனி பேரும் நம்பரும் போதும். யாரு பாத்தாங்கன்றதா அவருக்கு முக்கியம்? மில்லு ஓடணும், அவ்ளோதான்."

அவள் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரெக்ட்தான்," என்றாள்.

அந்தச் செய்தியை அவள் அனுப்பிப் பத்து நாள் கழித்து, எத்தனை பேர் பதில் போட்டார்கள் என்று கேட்டேன். "ரெண்டு பேரு. அதுவும் அப்புறம் சொல்றோன்னாங்க," என்றாள். எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் அவள் சொன்னதைச் சந்தேகிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. ஒருநாள், மீட்டரோடு சேர்த்துத் துடைத்து வைக்கிறேன் என்று கேமராவையும் வீட்டுக்கு எடுத்துப்போனாள். அதையும் கேள்வி கேட்கவில்லை.

தை பிறப்பதற்கு முன், வழக்கமான சோதனைக்காகப் பெருநகர் மில்லுக்குப் பேருந்தில் போனேன். கையில் இருந்த பழைய மீட்டரே போதும் என்று நினைத்தேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும் விழித்தார்.

"இன்னாமா, நீயும் வந்துகீற? நேத்துதான உன் கூட்டாளி வந்து எல்லாத்தையும் பாத்துட்டு பூட்டா. கூட அவ அண்ணன்காரன் வேற."

"எங்க கம்பெனில அவங்க அண்ணன் இல்லீங்களே."

"அப்ப இது இன்னாது?" என்று போனை நீட்டினார்.

என் வரிகள். காயில் கட்டும் நாட்கள், வெள்ளையாகத் தெரிந்த ஒயர் முனை, ஒரு சொல் போதும் என்ற முடிவு. ஒரு புள்ளிகூட மாறவில்லை. அடியில் மட்டும் நான் கேள்விப்படாத ஒரு கம்பெனி பெயரும் அவள் அண்ணனின் நம்பரும் இருந்தன. மறுபடி படித்தபோதுதான் இன்னொரு மாற்றம் கண்ணில் பட்டது. 'கண்டுபிடித்தோம்' என்று இருந்த இடத்தில் 'கண்டுபிடித்தேன்' என்று இருந்தது.

"நம்ம மில்லு கதைய எனக்கே அனுப்பிக்கீறாங்க. நீங்கதான் பேரு மாத்திட்டீங்கன்னு நெனச்சிக்கினேன்," என்றார் மேனேஜர். அவர் கொடுத்த டீயை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். மில் வாசலில் உமிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று அவளைக் கூப்பிட்டேன். எடுத்தாள்.

"எத்தினி பேரு 'அனுப்பு'ன்னு பதில் போட்டாங்க?" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணனுக்கு வேல பூட்ச்சுடி. வூட்ல எல்லாரும் என்னைத்தான் புடிச்சாங்க. உன்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியல."

"அந்த ஒயர நீயா பாத்த?"

அவள் சொன்னாள், "நீதான சொன்ன, யாரு பாத்தாங்கன்றது முக்கியமில்லன்னு."

நான் போனை வைத்துவிட்டேன். என் அறிவுரையை எனக்கே திருப்பிக் கொடுத்ததுதான், வேலையை எடுத்துக்கொண்டதைவிட வலித்தது. அன்றைக்கு அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாளே, அப்போதே முடிவு செய்துவிட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேருந்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு செய்தி எழுதினேன். ஹாஸ்டலில் அவளுக்கு அம்மை போட்டபோது நான் பார்த்துக்கொண்டதில் தொடங்கி, நான் எப்படி நம்பினேன், எனக்கு எவ்வளவு வலிக்கிறது என்று திரை நிறைய எழுதினேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று முடித்தேன். அனுப்பும் முன் ஒருமுறை படித்தேன். வரிக்கு வரி நான், எனக்கு, என்னை. அவள் என்ன செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை. கடைசிக் கேள்விக்கு அவளால் பதில் சொல்லவே முடியாது. எல்லாவற்றையும் அழித்தேன். 'தெர்மல் கேமரா இல்லாமல் வேலை நிற்கிறது. நாளைக் காலை வந்து வாங்கிக்கொள்ளட்டுமா?' என்று மட்டும் அனுப்பினேன்.

'வா' என்று பதில் வந்தது.

ஐயங்கார்குளத்தில் அவள் வீட்டுக்குப் போனபோது, அவள் அண்ணன்தான் கேமராவும் மீட்டரும் இருந்த பெட்டியோடு வாசலுக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதம்மா," என்றார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. அவள் அடுப்படியில் இருந்தாள், ஜன்னல் வழியாக அவள் முதுகு தெரிந்தது. திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பெருநகர் மேனேஜர் என் பக்கம் நின்றார். இன்னும் இரண்டு மில்கள் என்னோடு இருந்தன. மற்றவை அவளிடமும் அவள் அண்ணனிடமும் போய்விட்டன. மாடி அறையைக் காலி செய்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். புதியவர்களுக்கு எழுதும் செய்தியை இப்போது நானே எழுதி, நானே திருத்துகிறேன். பதில் வருகிறது. ஆனால் எழுதியதை அனுப்புவதற்கு முன் யாரிடமாவது காட்டிக் கருத்துக் கேட்க மனம் வருவதில்லை.