கட்டை எண்டு ஆர் சொன்னது?

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் தியாகலிங்கம் யாருக்கும் தலைகுனிந்தவரல்ல. ஆனால் பதின்மூன்று வயது மகன் லக்ஷனைக் கரப்பந்தாட்ட அணியிலிருந்து, “கட்டை, வலைக்குக் கை எட்டாது” என்று பள்ளிக்கூட மாஸ்டர் நிறுத்தியபோது அவருக்கு நித்திரை கெட்டது. கனடாவில் இருக்கும் மைத்துனர், “வளர்ற ஊசி போடு, லேட்டாக்காதை” என்று போனில் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

ஆஸ்பத்திரியின் சிறுவர் கிளினிக்கில் டொக்டர் வித்தியாவிடம் அவர் நேராகவே கேட்டார்.

“உவன் கட்டையோ, இல்லையோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ.”

“ஒரு சொல்லிலை சொல்லேலாது ஐயா” என்று டொக்டர் லக்ஷனைச் சுவரோடு நிறுத்தி அளந்தார். நூற்று நாற்பத்திரண்டு சென்ரிமீற்றர். வளர்ச்சி வரைபடத்தில் ஆகக் கீழேயுள்ள கோட்டுக்குச் சற்று மேலே ஒரு புள்ளி வைத்தார். பிறகு தியாகலிங்கத்தையும் அளந்தார். பையனின் தாயுடைய உயரத்தையும் கேட்டார்.

“என்னை ஏன் அளக்கிறியள்? நோயாளி நானோ?”

“தாய் தேப்பனின்ரை உயரம் பிள்ளைக்கு வரும். நீங்கள் பனை மாதிரி உயரம், அவர் மட்டும் வடலி மாதிரிக் கட்டை எண்டால்தான் யோசிக்கோணும். நீங்கள் ரெண்டுபேரும் நடுத்தர உயரம்தான். நீங்கள் எப்ப வளந்தனீங்கள்?”

தியாகலிங்கம் தயங்கினார். “பத்தாம் வகுப்பு வரைக்கும் நான்தான் கட்டை, வரிசையிலை முதல் ஆள். பதினாறுக்குப் பிறகுதான்...”

டொக்டர் சிரித்துவிட்டுப் பையனைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பரிசோதித்தார். இரத்தப் பரிசோதனைக்கும் இடது கை எக்ஸ்ரேக்கும் எழுதினார்.

அடுத்த முறை முடிவுகள் வந்திருந்தன. தைரொயிட் சரி, இரத்தச்சோகை இல்லை.

“எக்ஸ்ரேயிலை பாத்தால் கை எலும்பின்ரை வளர்ச்சி பதினொரு வயதுப் பிள்ளையின்ரை அளவுதான். பருவமாற்றம் இப்பதான் தொடங்குது. பொடியன்கள் அதுக்குப் பிறகுதான் பாய்ஞ்சு வளருவினம். பள்ளிக்கூடத்திலை எடுத்த அளவைப் பாத்தால் போன வருசம் அஞ்சு சென்ரிமீற்றர் வளந்திருக்கிறார், வளர்ச்சி நிக்கேல்லை. இவர் பிந்தி வளருற பிள்ளை, உங்களைப்போல.”

“அப்ப ஊசி?”

“போடமாட்டன். ஹோர்மோன் குறைஞ்ச பிள்ளையளுக்கு அது மருந்து. இவருக்குக் குறைஞ்சதுக்கு ஒரு அறிகுறியும் இல்லை.”

“பெரிய இடத்துக்குக் கொண்டுபோனால் போடுவினம்!”

“கொண்டுபோங்கோ. நான் சொன்னதையும் அவையிட்டைச் சொல்லுங்கோ. ஆறு மாதத்துக்கு ஒருக்கால் இஞ்சை அளப்பம். வளர்ச்சி மந்தப்பட்டால் நானே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவன்.”

தியாகலிங்கத்தின் முகம் சிவந்தது. ஆனால் ‘உங்களைப்போல’ என்றது மனதில் நின்றது; வெளியில் வந்து மோட்டார்சைக்கிளை உதைத்துக் கிளப்பியபோது கோபம் திசைமாறியிருந்தது. அன்று பின்னேரமே மைத்துனருக்குப் போன் எடுத்தார். “என்ரை பிள்ளைக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லை. ஊசியை உன்ரை வீட்டிலை வைச்சிரு.”

மறுநாள் மாஸ்டரிடம் போனார். “வலைக்குப் பக்கத்திலை விடவேண்டாம். பின்னுக்கு நிண்டு பந்து எடுக்க உயரம் வேணுமோ? விட்டுப் பாருங்கோ.”

மாஸ்டர் முணுமுணுத்தார். இரண்டு கிழமை கழித்து, லக்ஷனைப் பயிற்சிக்கு மட்டும் கூப்பிட்டார்.

ஆறு மாதத்தில் லக்ஷன் மூன்று சென்ரிமீற்றர் வளர்ந்திருந்தான். வகுப்பில் இன்னும் அவன்தான் கட்டை. கோயில் திருவிழாவில் ஒருவர், “என்ன, பொடியன் வளரேல்லையோ?” என்று கேட்டார்.

“வளருறான்” என்றார் தியாகலிங்கம். “உங்களுக்கென்ன அவசரம்?”